ஐந்நூறு பக்கங்களுக்கு மேல்

கடைக்காரருக்கு வாயில் வராத ஒரே சொல் 'முடியாது'. மற்ற எல்லாச் சொற்களும் தாராளமாக வரும். எவரேனும் பத்துப் பக்கத்தை நீட்டி, "பாத்துப் போட்டுக் கொடுங்க" என்றால் போதும், மனிதர் பார்த்துத்தான் போடுவார், அதாவது பாதி விலைக்கு. எதிரே இருந்த கல்லூரியின் மாணவர்கள் ஒரு மாதத்தில் இதைக் கண்டுகொண்டார்கள். பக்கத்துப் பதிவு அலுவலகத்துக்கு வரும் பத்திர எழுத்தர்கள் ஒரே வாரத்தில் கண்டுகொண்டார்கள். சொந்தக்காரர்களுக்கோ கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவர் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அதிலும் அத்தான், அவருடைய அக்காவின் கணவர், விலை கேட்கிற வழக்கமே வைத்துக்கொள்ளவில்லை. அத்தான் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்தவர். கம்பெனியை மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் குடியிருப்புச் சங்கத்தின் சுற்றறிக்கை, தண்ணீர் வாரியத்துக்கு மனு, அந்த மனுவின் நகல், நகலின் நகல் என்று வாரத்துக்கு இருமுறை வந்து நாற்பது ஐம்பது பக்கம் எடுத்துப் போவார். "வரட்டுமா மாப்ளே" என்பதுதான் அவர் கொடுக்கும் கட்டணம்.

"உங்களால வாயைத் திறந்து சொல்ல முடியலைன்னா எழுதியாவது ஒட்டுங்க. காகிதத்துக்கு என்ன கூச்சம்?" என்றாள் மனைவி. மருந்துக்கடையில் கணக்கெழுதுகிறவள், எழுதி ஒட்டியதன் பலம் தெரிந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்தாள். திங்களன்று கடை முகப்பில் கண்ணாடித் தாள் உறைக்குள் அது தொங்கியது.

'அன்பான வாடிக்கையாளர்களுக்கு,
கறுப்பு-வெள்ளை அச்சு, நகல்: 99 பக்கங்கள் வரை பக்கத்துக்கு 2 ரூபாய். 100 முதல் 499 பக்கங்கள் வரை பக்கத்துக்கு 1.50. 500 பக்கங்களும் அதற்கு மேலும் பக்கத்துக்கு 1. தாளின் இருபுறமும் அச்சிட்டால் இரண்டு பக்கங்களாகக் கொள்ளப்படும். வண்ண அச்சுக்குத் தள்ளுபடி இல்லை.
உறவினர், நண்பர், தெரிந்தவர் உட்பட யாருக்கும் விதிவிலக்கு இல்லை.
கடை உரிமையாளர்.'

விதிவிலக்கு வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது அவர்தான். 'உரிமையாளர்' என்ற சொல்லைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றதும் அவர்தான். பதினான்கு வருடம் ஒரு பெரிய அச்சகத்தில் ஆஃப்செட் இயந்திரம் ஓட்டியவர். அங்கே சிறுநீர் கழிக்கப் போவதற்குக்கூட ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஃபோர்மேன் கையிலிருக்கும் தாளை முழுதாகப் படித்து முடித்துவிட்டுத்தான் தலையை அசைப்பார். படிக்கத் தெரியாத தாளாக இருந்தாலும் படிப்பார். அந்தத் தலையசைப்பிலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கடை. ஆறடிக்குப் பத்தடி. ஒரு நகல் இயந்திரம், ஒரு கணினி, ஒரு வெட்டுக் கத்தி. வாசலை அடைத்தபடி மேசைப் பலகை, அதில் தூக்கிவிட்டு வெளியே போக ஒரு மடிப்புப் பலகை. இந்த ஆறுக்குப் பத்தில் அவரை 'போடு' என்று ஏவ ஆளில்லை. அதற்காகவே மூன்று வருடமாக அந்தச் சூட்டில் வெந்துகொண்டிருந்தார்.

முதல் இரண்டு நாள் நோட்டீஸ் நன்றாகவே வேலை செய்தது. பத்திர எழுத்தர் ஒருவர் வழக்கம்போல ஆரம்பித்தார், கடைக்காரர் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் மேலே காட்டினார். எழுத்தர் படித்தார், பெருமூச்சு விட்டார், கொடுத்தார். அடடா, இவ்வளவு சுலபமா என்று கடைக்காரருக்கே வெட்கமாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு மாணவி எண்பது பக்க ஆய்வறிக்கையோடு வந்தாள். நோட்டீஸைப் படித்தாள். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "அண்ணா, எண்பது பக்கத்தோட, முதல் பக்கத்தை மட்டும் இன்னும் இருபது காப்பி போடுங்க" என்றாள். முதல் பக்கம் எதற்கு இருபது என்று கேட்டதற்கு, எண்பதுக்கு நூற்று அறுபது ஆகிறது, நூறுக்கு நூற்றைம்பதுதானே என்று விளக்கினாள். இருபது தாள் கூடுதலாகக் கொடுத்து, பத்து குறைவாக வாங்கிக்கொண்டு, கடைக்காரர் அவளை அனுப்பினார். கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். சிரித்திருக்கக் கூடாது.

அன்று மதியம் அத்தான் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டீஸை மேலிருந்து கீழாக ஒருமுறை, மறுபடி மேலிருந்து ஒருமுறை படித்தார். தடித்த வரியில் அவர் கண் நின்றபோது கடைக்காரர் இயந்திரத்தின் பின்பக்கம் ஏதோ கோளாறு இருப்பதுபோலக் குனிந்துகொண்டார். அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஐந்நூறுக்கு மேலன்னு போட்டிருக்கியே, அது எல்லாம் ஒரே ஆளோடதா இருக்கணுமா மாப்ளே?"

"அதெல்லாம் யாருது என்னன்னு நான் பாக்குறதில்ல அத்தான். ஒரே ஆர்டரா வந்தா போதும்" என்றார் கடைக்காரர், குனிந்தபடியே. தப்பித்தோம் என்ற நிம்மதியில் வந்த வார்த்தை அது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு அவர் தகட்டையும் தாமே அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது அத்தான் வாசலில் இருந்தார். முகம் மழித்திருந்தது. சலவைச் சட்டை. வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலி. மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, சின்னச் சின்னத் துண்டுச்சீட்டுகள், காதில் பேனா. வருகிறவர்களை எல்லாம் அவர் நிறுத்தினார். உள்ளே போனால் பக்கத்துக்கு இரண்டு, என்னிடம் கொடுத்தால் ஒன்றே முக்கால், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். பென்டிரைவை வாங்கி அதன்மேல் சீட்டைச் சுற்றிப் பெயரும் பக்கமும் எழுதி டப்பாவில் போட்டார். அடையாள அட்டை, பழைய பத்திரம், ஈரம்பட்ட மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் தனித்தனி உறையில் வைத்தார். இருபத்தாறு வருடம் திருகாணியையும் மறையாணியையும் இப்படித்தான் பிரித்து வைத்திருப்பார் போல. பஸ் நிரம்பட்டும் என்று நிற்பதுபோல ஜனங்களும் நின்றார்கள். எண்ணிக்கை ஐந்நூறைத் தொட்டதும் அத்தான் எழுந்து, மொத்தத்தையும் மேசைமேல் வைத்தார்.

"ஐந்நூத்து மூணு. ஒரே ஆர்டர்" என்றார்.

கடைக்காரர் நோட்டீஸை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அதில் எந்தப் பிழையும் இல்லை. ஐந்நூற்று மூன்று வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கடைக்காரரை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அச்சகத்தில் 'ஐந்நூறு' என்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு பிளேட்டை மாட்டு, ஐந்நூறு தாள் ஓட்டு. மாட்டுவதுதான் வேலை, ஓடுவது இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் எண்ணிக்கை ஏற ஏற விலை இறங்கும். பதினான்கு வருடத்தில் ஐந்நூறு வெவ்வேறு பக்கங்களை யாரும் 'ஐந்நூறு' என்று சொல்லி அவர் கேட்டதில்லை. ஒரே மூலத்தை ஐந்நூறு பிரதி எடுப்பதை மனதில் வைத்துத்தான் அவர் ஒன்று என்று போட்டார். மூலம் என்ற சொல்லை எழுதத் தோன்றவே இல்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா?

இப்போது அவருக்கு வந்த ஐந்நூறு வேறு ஐந்நூறு. முப்பது பேருடைய முப்பது பென்டிரைவ். ஒன்றில் வைரஸ், ஒன்றில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும். ஒருவருக்கு இருபுறம், ஒருவருக்கு ஒருபுறம். அட்டையைக் கண்ணாடியில் வைத்து, திருப்பி வைத்து, மூடி, திறந்து, அவரவர் கட்டைப் பிரித்துப் பின் அடித்து வைப்பதற்குள் இடுப்பு ஒடிந்தது. தாளுக்கும், இயந்திரம் வாடகைக்குக் கொடுத்தவர்களுக்குப் பக்கத்துக்குப் பக்கம் கட்டுவதற்கும் போக, அவருக்குப் பக்கத்துக்குக் கால் ரூபாய்கூடத் தேறாது. அத்தானுக்கு முக்கால், உட்கார்ந்த இடத்தில். முதல் நாள் இரண்டு ஆர்டர் வந்தது. ஒரு வாரத்தில் நாளுக்கு நான்கு. தனியாக உள்ளே வருகிறவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. வந்த ஒரு பெரியவரையும், "இங்க வாங்க சார், அவரு வேலையா இருக்காரு" என்று அத்தான் அழைத்துக்கொண்டார்.

காசு போனதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. வாசலிலிருந்து வந்த குரல்தான் வலித்தது. "மாப்ளே, அந்தப் பொண்ணுக்குப் பஸ்ஸு இருக்கு, அதை முதல்ல போடு." "மாப்ளே, மை கொஞ்சம் வெளிறுது பாரு." "மாப்ளே, அடுத்த ஐந்நூறு ரெடி, கை வேகமா நடக்கட்டும்." அத்தான் இதையெல்லாம் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்வதை எதிர்த்து என்ன செய்வது? ஜனங்கள் அத்தானை 'ஓனர் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் முதலில் மறுத்தார். பிறகு மறுக்க நேரமில்லை.

பத்தாம் நாள் மதியம் அது நடந்தது. வெயில் தகரக் கூரையில் இறங்கி, இயந்திரத்தின் சூடும் சேர்ந்து, கடைக்காரர் நான்கு சொம்பு தண்ணீர் குடித்திருந்தார். அடிவயிறு முட்டியது. மடிப்புப் பலகையைத் தூக்கினார், வெளியே போக இடமில்லை. வழியை அடைத்தபடி அத்தானின் நாற்காலி. அத்தான் ஒரு நீண்ட பட்டியலைக் கூட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அத்தான் நிமிரவில்லை, 'இரு' என்று கையை மட்டும் காட்டினார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைக்காரர் பலகைக்கு உள்ளே கால் மாற்றிக் கால் வைத்து நின்றார். நாற்பத்திரண்டு வயது மனிதர், தம் சொந்தக் கடைக்குள்.

அத்தான் கூட்டி முடித்து நிமிர்ந்து, "வெளிய போகணுமா? போயிட்டு வா, போயிட்டு வா" என்று நாற்காலியை நகர்த்தித் தலையை அசைத்தார்.

கழிவறைச் சுவரைப் பார்த்து நின்றபோது கடைக்காரருக்குக் கண்ணில் நீர் வந்தது. துக்கம் இல்லை, ஆத்திரம். பதினான்கு வருடம் பொறுத்திருந்து எதை விட்டு ஓடினாரோ அது நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. அதற்கு வாடகையும் மின்கட்டணமும் அவரே கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கணக்கைப் பார்த்துவிட்டு, "உங்க கடையில நீங்க கூலிக்கு ஓட்டுறீங்க. உங்க அத்தான்தான் முதலாளி" என்றாள். நேரே போய்ச் சொல்லுங்கள், நாற்காலியை எடுங்கள் என்று சொல்லுங்கள், இரண்டே சொல் என்றாள். அந்த இரண்டு சொல்லும் தம்மிடம் கிடையாது என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசியில் அவளே கணினியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் திருகிப் பார்த்து எழுதினார்கள்.

'தள்ளுபடி ஒரே மூலத்திலிருந்து எடுக்கும் பிரதிகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே. வெவ்வேறு ஆவணங்களைச் சேர்த்துக் கணக்கிட முடியாது. முதல் 99 பிரதிகளுக்குத் தலா 2. நூறாவது பிரதியிலிருந்து 499 வரை தலா 1.50. ஐந்நூறாவது பிரதியிலிருந்து தலா 1. அந்தந்தப் படிக்கு உரிய கட்டணம் அந்தப் படியில் உள்ள பிரதிகளுக்கு மட்டும் பொருந்தும்.'

இருபது முதல் பக்கம் கேட்ட மாணவியாலும் இதில் ஓட்டை போட முடியாது. 'முடியாது' என்ற சொல் அதில் இருந்ததைக் கவனித்தீர்களா? வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அதைச் சொல்லிவிட்டார், மனைவியின் விரலால்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பழையதை உருவிவிட்டுப் புதியதை உறைக்குள் செருகினார். எட்டரைக்கு அத்தான் வந்தார். நாற்காலியை விரித்தார், உட்காரப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைக்காரர் இயந்திரத்தைத் திறந்து தாள் தட்டை வெளியே இழுத்து, நிரம்பியிருந்த தாளை எடுத்து, அதே தாளை மறுபடி வைத்தார். அத்தான் படித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் பென்டிரைவை நீட்டினான். அத்தான் அதை வாங்கவில்லை.

"இனிமே உள்ளயே குடுத்துருப்பா" என்றார். டப்பாவில் முந்தைய நாள் வாங்கி மிச்சமிருந்த நான்கு உறைகளை எடுத்து, யாருடையது எது என்று கடைக்காரரிடம் ஒப்படைத்தார், சீட்டு மாறாமல். "இது சரியா எழுதியிருக்கே மாப்ளே. முந்தினதுல ஓட்டை இருந்துது. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். கொஞ்ச நாள் போகட்டும்னு நெனச்சேன்."

"அத்தான், அது வந்து..." என்றார் கடைக்காரர்.

அத்தான் நாற்காலியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் தெருவைக் கடந்து போய்விட்டார்.

அந்த நாளும் அடுத்த நாளும் கடைக்காரர் ராஜாவாக இருந்தார். மறைப்பானேன், மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். மடிப்புப் பலகையை வேண்டும்போதெல்லாம் தூக்கினார். வேண்டாதபோதும் இரண்டுமுறை தூக்கிவிட்டு, வெளியே நின்று தம் கடையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், இரண்டு இரண்டாகக் கொடுத்தார்கள். சிலர் 'அந்த ஓனர் சார் எங்கே' என்று கேட்டார்கள். வரமாட்டார் என்றார். ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து ஒரே கேள்வித்தாளை அறுநூறு பிரதி கேட்டு வந்தார்கள். ஆகா, இதல்லவா ஐந்நூறு என்று மனம் குளிர்ந்து, தாளை அடுக்கி, எண்ணைத் தட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இயந்திரம் தானாக ஓடியது.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, மெஷின் ரிப்பேராமே?" என்றாள் அக்கா.

அவருக்கு முதலில் புரியவில்லை. என்ன மெஷின் என்று கேட்க வாயெடுத்தார். நல்லவேளை, அக்கா பேசிக்கொண்டே போனாள். அத்தான்தான் வந்து சொன்னாராம். இயந்திரம் பழுதாகிவிட்டது, பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும், மாப்பிள்ளை பாவம் என்ன செய்வான், அதுவரை எனக்கு அங்கே வேலை இல்லை என்று சொன்னாராம். சொல்லிவிட்டுப் படுத்தவர்தான். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டுவிட்டு நகர்த்துகிறாராம்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன்டா" என்றாள் அக்கா. "நீ அவருக்கு வேலை போட்டுக் குடுத்ததை நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அவருக்குக் கூச்சமா இருக்கும்ல. காலையில ஆறு மணிக்கே எழுந்து சட்டைக்கு இஸ்திரி போடுவாருடா. ஒன்றரை வருஷத்துல அந்தப் பத்து நாள்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். நீ நல்லா இருக்கணும்."

கடைக்காரர் எதிரே இருந்த நோட்டீஸைப் பார்த்தார். உள்ளிருந்து பார்த்தால் அதன் முதுகுப்புறம்தான் தெரியும், வெறும் வெள்ளை. வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் அக்கா.

"ஃபேன்க்கா" என்றார் அவர். கை தானாகப் போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. முந்நூற்றுச் சொச்சத்தில் இயந்திரம் நின்றது. பயிற்சி நிலையத்து ஆள் என்ன ஆயிற்று என்று பார்த்தார்.

"எப்போ சரியாகும்னு அவரைக் கேட்டா, உன்னைத்தான் கேக்கணும்கிறாரு. எப்போடா சரியாகும்?"

அவருக்குள் அந்த ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. மனைவியின் விரல் எழுதிய அதே சொல். இங்கே எழுதி ஒட்டச் சுவரும் இல்லை, குனிந்துகொள்ள இடமும் இல்லை. அக்கா காத்திருந்தாள்.

"நாளைக்குச் சரியாயிடும்க்கா."

"அப்ப காலையிலயே அனுப்பட்டுமா?"

"அனுப்பு" என்றார் கடைக்காரர். பிறகு, அவள் வைப்பதற்குள், "வரும்போது நாற்காலியையும் எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.